முறுக்குக்கு எந்த எண்ணெய்? நான்கு லேப் ரிப்போர்ட்டும் அயோடின் மதிப்பும்

போன மாதம் சித்தி நான்கு லேப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, நான் திறந்து பார்ப்பதற்குள் போனும் போட்டார்கள். "ஏம்பா, சூரியகாந்தியில அயோடின் 131ன்னு போட்டிருக்கு, பாமாயில்ல 58தான் இருக்கு. அப்போ சூரியகாந்திதானே நல்லது? பிள்ளைங்களுக்கு அயோடின் வேணும்னு உப்புலயே போடுறாங்களே."

இந்தச் சந்தேகம் சித்திக்கு மட்டும் வந்தது இல்லை. எண்ணெய் சோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, சாம்பிள் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லவில்லை. சமையல் எண்ணெயில் அயோடின் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. 100 கிராம் எண்ணெயைக் கொடுத்தால் அது எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அயோடின் மதிப்பு. பிடித்துக்கொள்ளும் இடம் எது என்றால், கொழுப்பு அமிலச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். இரட்டைப் பிணைப்பு இருக்கும் கொழுப்பைத்தான் நிறைவுறாக் கொழுப்பு என்கிறோம். ஆகவே எண் கூடினால் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு அதிகம், எண் குறைந்தால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தோராயமாக என்று ஏன் சொல்கிறேன் என்பதில்தான் சித்தியின் முடிவே அடங்கியிருந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சித்தியின் பிரச்சினை இது. வீட்டில் முறுக்கும் காராசேவும் போட்டு விற்கிறார்கள். பாதி சரக்கு அக்கம்பக்கத்திலேயே நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும். மீதியைப் பாக்கெட் போட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார்கள், அது ஒரு மாதம் தாங்க வேண்டும். இதுவரை எல்லாமே கடலை எண்ணெயில்தான். வெயில் காலத்தில் மூன்றாவது வாரமே காறல் வாடை வருகிறது என்று கடைக்காரர்கள் பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சரி, எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம் என்று மூன்று விதமான எண்ணெய்க்கு ரிப்போர்ட் வாங்கியிருந்தார்கள்: வழக்கமாக வாங்கும் கடலை எண்ணெய் 91, பாமாயில் 58, ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 131. நான்காவதாக, புதிதாக ஒரு வியாபாரி குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்ன இன்னொரு கடலை எண்ணெய், அது 90.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். இங்கே செய்வது விஜ்ஸ் முறை. கால் கிராம் எண்ணெயை மூடியுள்ள குடுவையில் துல்லியமாக நிறுத்து எடுத்து, கொழுப்பைக் கரைக்கும் ஒரு கரைப்பானை ஊற்றி, அதன் மேல் 25 மில்லி விஜ்ஸ் கரைசலைச் சேர்க்கிறோம். அது அயோடின் மோனோகுளோரைடை கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கரைத்தது. மூடியை இறுக்கி அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அயோடின் மோனோகுளோரைடு இரட்டைப் பிணைப்புகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதுபோக மீதி எவ்வளவு என்று கண்டுபிடிக்க, பொட்டாசியம் அயோடைடு கரைசலும் தண்ணீரும் சேர்க்கிறோம். மிஞ்சியது முழுக்க அயோடினாக மாறிக் குடுவையே கருஞ்சிவப்பாகிவிடும். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டை விட்டுக்கொண்டே வந்தால் சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போது ஸ்டார்ச் கரைசலை விட்டால் சட்டென்று கருநீலம். அதற்குமேல் சொட்டுச் சொட்டாக. இங்கே அவசரப்படுகிறவர்கள் தப்பு செய்வார்கள், ஏனென்றால் கொஞ்சம் அயோடின் கரைப்பான் அடுக்கிலேயே ஒளிந்திருக்கும், மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கினால் போன நீலம் திரும்பி வரும். குலுக்கியும் வரவில்லை என்றால்தான் முடிந்தது. எண்ணெய் போடாமல் இதே வேலையை இன்னொரு குடுவையில் செய்வது பிளாங்க்.

கணக்கு இவ்வளவுதான்:

```
IV = 12.69 × (B − S) × N / W
```

IV அயோடின் மதிப்பு, B பிளாங்குக்குச் செலவான தயோசல்பேட், S எண்ணெய்க் குடுவைக்குச் செலவானது, N தயோசல்பேட்டின் நார்மாலிட்டி, அதாவது அதன் செறிவு, W எண்ணெயின் எடை. 0.1 நார்மாலிட்டி கரைசலில் பிளாங்க் 47.8 மில்லி, எண்ணெய்க்கு 30.1 மில்லி, எடை 0.25 கிராம் என்றால் வித்தியாசம் 17.7, விடை ஏறக்குறைய 89.8.

பியூரெட்டில் 0.2 மில்லி கூடக்குறைய ஆனாலே விடையில் 1 மாறிவிடும் என்பதை இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அதனால் 90க்கும் 91க்கும் நடுவே ஒரு வித்தியாசமும் இல்லை, அதைப் பார்த்து எண்ணெய் தேர்ந்தெடுக்க முடியாது. இன்னொரு தப்பு எடையில் வரும். சூரியகாந்தி போல எண் அதிகமான எண்ணெயில் 0.2 கிராமுக்குப் பதில் 0.4 கிராம் எடுத்துவிட்டால், இருக்கிற விஜ்ஸ் கரைசலில் பெரும்பகுதி செலவாகிவிடும், மிச்சம் போதாது, சில பிணைப்புகள் பிடிபடாமலே நின்றுவிடும், எண் குறைவாக வரும். ஊற்றியதில் பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும் என்பது எங்கள் கணக்கு. S என்பது B-யில் பாதிக்கும் கீழே போயிருந்தால் எடையைக் குறைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். சித்தியின் ரிப்போர்ட்டில் எடை போடவில்லை, அந்த லேபுக்குப் போன் செய்து கேட்டேன், 0.2 கிராம் என்றார்கள், அதனால் 131ஐ நம்பினேன்.

இப்போது மூன்று எண்ணெயையும் எடுத்துக்கொள்வோம். FSSAI விதிப்படி கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை, பாமோலினுக்கு 54 முதல் 62 வரை, சூரியகாந்திக்கு 100 முதல் 145 வரை இருக்க வேண்டும் (கடையில் நாம் பாமாயில் என்று வாங்குவது பெரும்பாலும் பாமோலின்தான், ரேஷன் பாக்கெட்டும் அதுதான்). மூன்றும் அந்தந்த வரம்புக்குள் இருக்கின்றன. முறுக்குக்கு எது என்பதை வரம்பு சொல்லாது, அதற்கு அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு எண்ணெய் முழுக்க முழுக்க ஒலியிக் அமிலத்தின் கொழுப்பாகவே இருந்தால் அதன் அயோடின் மதிப்பு 86. ஒலியிக்கில் ஒரு இரட்டைப் பிணைப்பு. லினோலியிக்கில் இரண்டு, அது மட்டுமே இருந்தால் 173. நிறைவுற்ற பால்மிட்டிக், ஸ்டீரிக் போன்றவற்றுக்கு பூஜ்யம். உண்மையான எண்ணெய் எல்லாம் இவற்றின் கலவை, அயோடின் மதிப்பு அந்தக் கலவையின் சராசரி. பாமோலினில் ஏறக்குறைய 45 சதவீதம் நிறைவுற்றது, லினோலியிக் 11 சதவீதம் அளவுக்குத்தான், அதனால் 58. சூரியகாந்தியில் லினோலியிக் 60 சதவீதத்தைத் தொடும், அதனால் 131. கடலை நடுவில்.

காறலுக்கு முக்கியக் காரணம் லினோலியிக்தான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவது சுலபம், காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் அங்கேதான் நுழைகிறது. ஒலியிக்கில் அப்படி ஒரு பலவீனமான இடம் இல்லை. அதனால்தான் லினோலியிக், ஒலியிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. டின்னுக்குள் மூடியிருக்கும் எண்ணெயைவிட முறுக்குக்குள் இருக்கும் எண்ணெய்க்கு ஆபத்து அதிகம். 100 கிராம் முறுக்கில் 30 கிராம் அளவுக்கு எண்ணெய் இருக்கலாம், அது மாவின் ஒவ்வொரு துளையிலும் மெல்லிசாகப் பரவி நிற்கிறது, பாக்கெட்டில் அடைத்த காற்று முழுக்க அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அது போதாதென்று கடைக்காரர் பாக்கெட்டை வெயிலில் சரம் கட்டித் தொங்கவிடுகிறார்.

ஆகவே ஒரு மாதம் தாங்க வேண்டிய பாக்கெட்டுக்குச் சூரியகாந்தி வேண்டாம் என்று முதலில் அதைத் தள்ளினேன். வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளட்டும், தாளிக்கவும் பொரியலுக்கும் நல்ல எண்ணெய்தான். ஆனால் பெரிய சட்டியில் மணிக்கணக்கில் காய்ந்து, அப்புறம் பாக்கெட்டில் வாரக்கணக்கில் கிடக்கும் வேலைக்கு 131 என்ற எண் எச்சரிக்கை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், சூரியகாந்தியிலேயே ஒலியிக் அதிகமான ரகம் உண்டு. ஒலியிக் 82, லினோலியிக் 9 சதவீதம் என்று இருக்கும் அந்த எண்ணெயின் அயோடின் மதிப்பு 86தான் வரும். அது பொரிக்க அருமையான எண்ணெய். எங்கள் பக்கம் டின் கணக்கில் கிடைக்கவில்லை, அதனால் சித்தியின் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

இந்த 86ஐக் கடலை எண்ணெயின் 91க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் சித்தியின் கடலை எண்ணெயில் லினோலியிக் 28 சதவீதம், அந்தச் சூரியகாந்தியில் 9. பாக்கெட்டில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அயோடின் மதிப்பு மொத்த இரட்டைப் பிணைப்பை எண்ணுகிறது, அவை ஒற்றையாக இருக்கின்றனவா ஜோடியாக இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. தோராயமாக என்று மேலே சொன்னது இதைத்தான். எண் தூரத்தில் இருந்தால் (58, 131 மாதிரி) அதை வைத்தே முடிவெடுக்கலாம், எண் பக்கத்தில் இருந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான்காவது ரிப்போர்ட்டில் சிக்கியதும் இப்படித்தான். சித்திக்கு அதில்தான் கண். "அதே கடலை எண்ணெய், அதே நம்பர், டின்னுக்கு இவ்வளவு மிச்சம்" என்று சந்தோஷமாக இருந்தார்கள். 90 என்பது கடலை எண்ணெயின் வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அமில மதிப்பும் சரியாக இருந்தது, லேப் ரிப்போர்ட்டில் தப்பே இல்லை. ஆனால் 58 எண்ணெயையும் 130 எண்ணெயையும் கலந்தாலும் 90 வரும். பாமோலின் 55 பங்கு, சூரியகாந்தி 45 பங்கு: 0.55 × 58 என்பது 31.9, 0.45 × 130 என்பது 58.5, கூட்டினால் 90.4. ஒரு கடலைகூட இல்லாமல் கடலை எண்ணெயின் அயோடின் மதிப்பு வந்துவிடும். கொஞ்சம் கடலை எண்ணெயை வாசனைக்குச் சேர்த்துவிட்டால் மூக்கும் ஏமாந்துவிடும். அந்த வியாபாரி அப்படிச் செய்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அயோடின் மதிப்பு அவரைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை, அவ்வளவுதான் அப்போது சொல்ல முடிந்தது.

இதைப் பிரிக்க நம்பகமான வழி கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது, லேபில் கேஸ் குரோமட்டோகிராஃபி என்பார்கள், ஜிசி என்று கேட்டாலே புரியும். செலவு கூடுதல்தான், ஆனால் மாதம் பத்து டின் வாங்குகிற இடத்தில் ஒரு தடவை செய்துவிட்டால் போதும். அதில் இரண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சித்திக்குச் சொன்னேன். ஒன்று பால்மிட்டிக்: கடலை எண்ணெயில் 10, 12 என்று இருக்கும். மேலே சொன்ன கலவையில் பாமோலின் பாதிக்கு மேல் இருப்பதால் 24 பக்கம் ஏறிவிடும். இரண்டாவது பெஹெனிக் அமிலம்: நீளச் சங்கிலி கொண்ட நிறைவுற்ற அமிலம், கடலை எண்ணெயில் 3 சதவீதத்துக்குப் பக்கமாக இருக்கும். பாமோலினில் அது இல்லை என்றே சொல்லலாம், சூரியகாந்தியில் 1ஐத் தொட்டால் அதிகம். கடலையின் அடையாளம் அது.

சாம்பிளை வேறொரு லேபுக்கு அனுப்பினோம். பழைய கடலை எண்ணெய்: பால்மிட்டிக் 11, ஒலியிக் 50, லினோலியிக் 28, பெஹெனிக் 3. புதியது: பால்மிட்டிக் 22, ஒலியிக் 38, லினோலியிக் 33, பெஹெனிக் 1க்கும் கீழே. சித்தி அந்த டின்னைத் திருப்பிவிட்டார்கள்.

ஜிசி ரிப்போர்ட் கையில் இருந்தால் அயோடின் மதிப்பையும் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம், இதை யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம். ஒலியிக் சதவீதத்தை 0.86ஆல், லினோலியிக் சதவீதத்தை 1.73ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பழைய கடலை எண்ணெய்க்கு 43 + 48.4, அதாவது 91.4, ரிப்போர்ட்டில் இருந்ததும் 91. புதியதற்கு 32.7 + 57.1, ஏறக்குறைய 90. இரண்டு எண்ணும் இப்படி ஒத்துப்போனால் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஏழெட்டு எண் விலகினால் சாம்பிள் மாறியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு ரிப்போர்ட்டைப் பழைய ரிப்போர்ட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம், கேட்க வேண்டும். கடுகு, சோயா போல லினோலெனிக் இருக்கிற எண்ணெய்க்கு அதையும் 2.62ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும்.

எண் வரம்புக்கு வெளியே போனாலே கலப்படம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. கிர்னார் 4, கிர்னார் 5 என்று ஒலியிக் அதிகமான கடலை ரகங்கள் வந்திருக்கின்றன. ஒலியிக் 80 சதவீதம் பக்கம் இருக்கும் கடலையை ஆட்டினால், அசல் கடலை எண்ணெயே 80க்குக் கீழே காட்டும். அதற்கும் ஜிசிதான் பதில்.

கடைசியில் பழைய கடலை எண்ணெயா, பாமாயிலா. பாமாயில் 58, லினோலியிக் குறைவு, சட்டியிலும் தாங்கும், பாக்கெட்டிலும் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்காமல் சித்தியிடம் சொன்னேன். நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயில் 20 சதவீதம் அளவு, பாமோலினில் 45. 100 கிராம் முறுக்கில் 30 கிராம் எண்ணெய் என்று வைத்தால், நிறைவுற்ற கொழுப்பு 6 கிராமிலிருந்து 13 கிராமுக்கு மேல் போகிறது. பாக்கெட்டின் பின்னால் ஊட்டச்சத்துப் பட்டியலில் அந்த எண்ணை மாற்றி அச்சடிக்க வேண்டும், "கடலை எண்ணெயில் செய்தது" என்ற வரியையும் எடுத்துவிட வேண்டும். மார்கழிக் காலையில் டின்னில் வெள்ளையாகத் திரிந்து நிற்கும், அது கெட்டுப்போனது அல்ல, நிறைவுற்ற பகுதி உறைவதுதான், கொஞ்சம் சூடு பட்டால் தெளிந்துவிடும். ருசியில் கடலை எண்ணெய் முறுக்குக்கு ஈடு இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் இரண்டாகப் பிரித்தோம். அக்கம்பக்கத்தில் நான்கைந்து நாளில் தீரும் சரக்கு பழையபடி கடலை எண்ணெயில். அத்தனை நாளில் 28 சதவீத லினோலியிக் ஒன்றும் செய்துவிடாது. வெளியூர் போகும் பாக்கெட் பாமாயிலில். இரண்டு சட்டி, இரண்டு டின், கலக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கலந்தால் பாக்கெட்டில் எழுதியது பொய்யாகிவிடும்.

அயோடின் மதிப்பு சொல்லாத இரண்டு விஷயத்தையும் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டும் வீண். எண்ணெய் ஏற்கெனவே காறத் தொடங்கிவிட்டதா என்பதைப் பெராக்சைடு மதிப்புதான் சொல்லும். 58 இருக்கும் பாமாயில்கூட வெயிலில் திறந்து கிடந்திருந்தால் கெட்டுத்தான் இருக்கும், அயோடின் மதிப்பு அப்போதும் 58க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதேபோல் சட்டியில் எண்ணெயை எப்போது கொட்டுவது என்பதற்கும் அயோடின் மதிப்பு உதவாது. அதற்கு, பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் என்ற அளவு இருக்கிறது, 2018 ஜூலை முதல் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

பாமாயிலில் போட்ட முதல் நூறு பாக்கெட்டில் நான்கை எடுத்து, இரண்டை அடுப்படி அலமாரியிலும் இரண்டை ஜன்னல் ஓரத்திலும் தேதி எழுதி வைத்திருக்கிறோம். கூடவே கடலை எண்ணெயில் போட்ட நான்கும். வாரம் ஒரு முறை சித்தி பிரித்து முகர்ந்து பார்த்து எனக்கு ஒரு வரி அனுப்புகிறார்கள். நேற்று 24வது நாள்: "ஜன்னல் கடலை காறிடுச்சு. அலமாரி கடலை லேசா. பாமாயில் ரெண்டும் நல்லா இருக்கு."